மென்பொருள் செய்தவர் கடையைப் பூட்டிவிட்டால்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் இருந்து கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருபத்தி இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று கிடந்தது.

"தம்பி, பதினாலாம் பக்கத்தில எஸ்க்ரோ எண்டு ஒரு சங்கதி இருக்குது. லோயர் அது நல்லது எண்டு சொல்லுறார். நல்லதெண்டால் ஏன் அதுக்கு வருசா வருசம் காசு கட்டச் சொல்லுறாங்கள்?"

சித்தப்பாவுக்கு மல்வேர்னில், டாப்ஸ்கொட் வீதிப் பக்கம், ஒரு வெயர்ஹவுஸ். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், யாழ்ப்பாணக் கறித்தூள் எல்லாம் இறக்கி, ஸ்காபரோவில் இருந்து பிராம்ப்டன் வரை கடைகளுக்குப் போடுகிறார். எந்தப் பெட்டி எந்தக் கொள்கலனில் வந்தது, எந்தக் கடைக்குப் போனது, எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் ஒரு மென்பொருளில் இருக்கிறது. கடையில் வாங்கிய மென்பொருள் அல்ல. இரண்டு பெடியங்கள் நடத்தும் சின்னக் கொம்பனி ஒன்று அவருக்கென்றே எழுதிக் கொடுத்தது. நாலு வருடத்தில் 60,000 டொலருக்கு மேல் அதற்குப் போயிருக்கிறது. இப்போது பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

எங்களில் நிறையப் பேருக்கு இப்போது இதே நிலைமைதான். அப்பா அம்மா தொடங்கிய கடை, கணக்கு அலுவலகம், டேகெயார் என்று ஏதாவது ஒன்றின் கடதாசிகள் எங்கள் கைக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் இருப்பதால் "நீ பார்" என்று தருகிறார்கள். ஆகவே இந்த முறை, அந்தப் பதினாலாம் பக்கத்தைப் பற்றி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் சட்டத்தரணி இல்லை, கோட் எழுதுகிறவன். கையெழுத்துப் போட முதல் லோயரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

தூள் வேறு, பக்குவம் வேறு

சித்தப்பாவுக்கு நான் அவருடைய கறித்தூளை வைத்துத்தான் விளக்கினேன். வெயர்ஹவுஸ் கணினியில் ஓடுவது அரைத்துப் பொதி செய்த தூள். அதைக் கறிக்குப் போடலாம், ஆனால் உறைப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதற்கு என்ன சாமான், எவ்வளவு, எந்தப் பதத்தில் வறுத்தது என்ற பக்குவம் தெரியவேண்டும். மென்பொருளில் அந்தப் பக்குவம்தான் மூலநிரல், நாங்கள் வேலையில் சோர்ஸ் கோட் என்று சொல்வது. அது பெடியங்களிடம் மட்டும் இருக்கிறது.

"60,000 டொலர் குடுத்தது நான். அப்ப அது என்ரை தானே?"

இல்லை. கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெளியில் ஒப்பந்தத்துக்கு எழுதிக் கொடுப்பவர் எழுதியது, எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராத வரைக்கும் எழுதியவருக்குத்தான் சொந்தம். நீங்கள் முழுக் காசையும் கட்டியிருந்தாலும் உங்களிடம் இருப்பது பாவிக்கிற அனுமதி மட்டும்.

எஸ்க்ரோ இந்த இடத்தில்தான் வருகிறது. வீடு வாங்கும்போது டிபொசிட் காசை விற்பவர் கையில் கொடுப்பதில்லை, புரோக்கரின் டிரஸ்ட் கணக்கில் போடுகிறோம். அதே யோசனைதான். பெடியங்கள் மூலநிரலை ஒரு மூன்றாம் ஆளிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த முகவர் அதைப் பூட்டி வைத்திருப்பார். ஒப்பந்தத்தில் சொன்ன காரியம் நடந்தால் மட்டும் சித்தப்பாவிடம் கொடுப்பார். இதையே தொழிலாகச் செய்யும் கொம்பனிகள் இருக்கின்றன. வருடக் கட்டணம் அவர்களுக்குத்தான்.

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் பதினாலாம் பக்கத்தில் இருந்த நாலு வரியை வாசித்தபோது, காசு மட்டும் போகும், தேவையான நேரத்தில் ஒன்றும் கைக்கு வராது என்று தெரிந்தது. மூன்று ஓட்டை இருந்தது.

முதல் ஓட்டை: "வங்குரோத்து ஆனால்"

கொம்பனி வங்குரோத்து ஆனால் மூலநிரலை விடுவிக்கலாம் என்று இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பெரிய கொம்பனி விழும்போது அது ஊருக்கே தெரியும். எங்கள் ரொறொன்ரோவில் நோர்டெல் 2009 ஜனவரி 14 அன்று நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டுப் போனது. அங்கே வேலை செய்த ஒரு மாமாவாவது எல்லோர் குடும்பத்திலும் இருந்திருப்பார். ஆனால் நோர்டெலின் மென்பொருள் காணாமல் போகவில்லை. அதை வாங்க ஆள் இருந்தது. அலுவலகத் தொலைபேசிப் பிரிவை அவாயா வாங்கியது, கைத்தொலைபேசி வலையமைப்புப் பிரிவொன்றை எரிக்சன் வாங்கியது. வாடிக்கையாளருக்குக் கதவில் இருந்த பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான்.

இரண்டு பேர் நடத்தும் கொம்பனி இப்படி விழாது. ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்து வன்கூவருக்குப் போவார். மற்றவருக்குச் சுகமில்லாமல் போகும். மின்னஞ்சலுக்குப் பதில் முதலில் அடுத்த நாள் வரும், பிறகு அடுத்த கிழமை, பிறகு வராது. வங்குரோத்து என்று எந்த நீதிமன்றத்திலும் ஒரு கடதாசியும் போடப்பட மாட்டாது. அப்போது முகவரிடம் போய்க் கேட்டால், "வங்குரோத்து ஆனதுக்கு அத்தாட்சி எங்கே?" என்பார். அவர் மேல் பிழை இல்லை, ஒப்பந்தம் அப்படி.

வங்குரோத்தை மட்டும் காரணமாக வைப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2020 ஒக்டோபரில் சாண்டோஸ் கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. துணை ஒப்பந்தக்காரர் நொடித்துப்போனால் ஒப்பந்தத் தொகையில் 10 வீதத்தை இழக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். நொடித்துப்போனதையே காரணமாக்கி, கடன்காரர்களுக்குப் போகவேண்டிய சொத்தை ஒருவர் இழுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். எஸ்க்ரோவில் "வங்குரோத்து ஆனால் மூலநிரலின் உரிமை எனக்கு" என்று எழுதியிருந்தால் அதே கேள்வி இங்கேயும் எழும்பும்.

ஆகவே லோயரிடம் சொல்லி மாற்றியது இப்படி. வேலையை நிறுத்தும் பெரிய பிழை ஒன்றை எழுத்தில் அறிவித்து 10 வேலை நாளுக்குள் திருத்தாவிட்டால், அல்லது கொம்பனி தொழிலை நிறுத்தினால், அல்லது பராமரிக்க ஆளில்லாமல் போனால், விடுவிக்கக் கேட்கலாம். முகவர் பெடியங்களுக்கு அறிவிப்பார். அவர்கள் 10 வேலை நாளுக்குள் மறுக்காவிட்டால் மூலநிரல் சித்தப்பாவுக்கு. மறுத்தால் நடுவரிடம் போகும், அதற்கும் ஒரு நாள் கணக்கு எழுதியிருக்கிறது. சண்டை ஒன்றும் இல்லாமல் போனாலே மொத்தம் 20 வேலை நாள், அதாவது நாலு கிழமை. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் ஓட்டை: கையில் வந்தாலும் தொடமுடியாது

அந்த நாலு வரியில் மூலநிரலைக் கொடுப்பது பற்றி இருந்தது. அதைத் திருத்தவும் வேறொரு ஆளை வைத்துத் திருத்துவிக்கவும் அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியென்றால் மூலநிரல் வந்தபிறகும் சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

இந்த அனுமதி எப்போது கொடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1985 இல் லூப்ரிசால் வழக்கு என்று ஒன்று நடந்தது. உலோகப் பூச்சுத் தொழில்நுட்பம் ஒன்றைப் பாவிக்க லூப்ரிசால் ஒரு சின்னக் கொம்பனியிடம் அனுமதி வாங்கியிருந்தது. அந்தக் கொம்பனி நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்புக்குள் போனதும், அந்த அனுமதி ஒப்பந்தத்தைக் கைவிட நீதிமன்றம் இடம் கொடுத்தது. லூப்ரிசாலின் அனுமதி போய்விட்டது. தொழில்நுட்ப உலகமே பயந்ததால் 1988 இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது.

கனடாவில் அதுபோன்ற பாதுகாப்பு 2009 செப்டெம்பரில் வந்தது. மறுசீரமைப்பில் இருக்கும் கொம்பனி ஒப்பந்தத்தைக் கைவிட்டாலும், நீங்கள் உங்கள் பக்கக் கடமையைச் செய்துகொண்டு, கட்டவேண்டியதைக் கட்டிக்கொண்டிருந்தால், பாவிக்கிற உரிமை உங்களுக்குத் தொடரும். நேரடியாக வங்குரோத்துக்குப் போகிற கொம்பனியும், சொத்து வேறொருவருக்கு விற்கப்படும் நிலையும் இதில் சரியாக அடங்கவில்லை. 2019 நவம்பர் 1 முதல் அதையும் சேர்த்தார்கள்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பாற்றுவது ஏற்கனவே உங்களிடம் இருக்கும் உரிமையை மட்டும்தான். இல்லாத உரிமையை அது உண்டாக்காது. பூட்டிக் கிடக்கும் மூலநிரலைத் தேடி எடுத்தும் தராது, பிழை வந்தால் திருத்தவும் மாட்டாது. அதனால் "விடுவிக்கும் நாளில் அனுமதி தருகிறோம்" என்று எழுதாமல், "இன்றே அனுமதி தருகிறோம், ஆனால் விடுவித்த பிறகுதான் அதைப் பயன்படுத்தலாம்" என்று எழுதவேண்டும். சொந்தம் பெடியங்களிடமே இருக்கும். அதை வேறொருவருக்கு விற்கச் சித்தப்பாவால் முடியாது. தன் வெயர்ஹவுசுக்காக மட்டும் திருத்திப் பாவிக்கலாம்.

மூன்றாம் ஓட்டை: பெட்டிக்குள் என்ன?

இது எனக்குத் தெரிந்த தொழில். மூலநிரலை ஒப்படைத்தாயிற்று என்றால் அநேகமாக ஒருத்தரும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. முகவர் கோப்பு வந்து சேர்ந்ததா, திறக்குதா, வைரஸ் இருக்கா என்று பார்ப்பார். அதிலிருந்து மென்பொருளைக் கட்டியெழுப்ப முடியுமா என்று பார்க்க வேறு காசு.

பெடியங்கள் நல்ல மனதோடு சம்மதித்தார்கள். ஒரு சனிக்கிழமை நான் வெறும் லப்டொப் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவர்களுடைய எந்தக் கடவுச்சொல்லும் அதில் இல்லை. விதி ஒன்றுதான்: ஒப்படைத்த பெட்டியில் இருப்பதை மட்டும் பாவிப்பது, அவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. நாளைக்கு வரப்போகும் அந்நிய ஆள் அப்படித்தானே இருப்பார்.

```
git clone deposit.bundle stock
cd stock
git log -1 --format=%cd
npm ci
npm run build
```

மூன்றாவது வரி கடைசி மாற்றம் எப்போது என்று காட்டும். பதினாறு மாதத்துக்கு முந்திய திகதி வந்தது. வெயர்ஹவுசில் ஓடிக்கொண்டிருந்த பதிப்பு போன மாதத்தையது. ஒருமுறை ஒப்படைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். பக்குவம் இருக்கிறது, ஆனால் பழைய தூளின் பக்குவம்.

நாலாவது வரி இப்படி நின்றது:

```
npm ERR! code E404
```

அந்த மென்பொருளுக்கு வேண்டிய துணைப் பொதிகளில் ஒன்று, பெட்டியில் ஒட்டும் லேபிளை அச்சிடுவது, பெடியங்களின் சொந்தத் தனிக் கணக்கில் இருந்தது. அவர்களுடைய கணினியில் எப்போதும் சரியாக வரும். வெளியாள் கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று பதில் வரும். அந்தக் கணக்குக்குக் காசு கட்டுவது நின்றால் அந்தப் பொதி பெடியங்களுக்கே கிடைக்காமல் போகலாம்.

அதை ஒரு பென்டிரைவில் வாங்கிப் போட்டுக் கட்டியபிறகு மென்பொருள் எழும்பியது, ஆனால் முதல் திரையிலேயே விழுந்தது. தரவுத்தளத்தின் அட்டவணைகளை உருவாக்கும் கோப்புகள் பாதிதான் பெட்டியில் இருந்தன. மீதியை அவசரத்தில் நேரே கையால் மாற்றியிருக்கிறார்கள். ஒளித்து வைத்தது இல்லை. நானும் வேலையில் இதே பிழைகளை விட்டிருக்கிறேன். தங்கள் கணினியில் ஓடுகிற வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

ஒப்பந்தத்தில் இதற்காக இரண்டு வசனம் சேர்த்தோம். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பிறகு, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒப்படைக்க வேண்டும். வருடத்தில் ஒருமுறை வெறும் கணினியில் வெளியாள் ஒருவர் கட்டிப் பார்க்க வேண்டும். துணைப் பொதிகள், தரவுத்தளக் கோப்புகள், எந்தப் பதிப்புக் கருவிகள் வேண்டும், எந்த ஒழுங்கில் செய்வது என்ற ஒரு பக்கக் குறிப்பு, இவ்வளவும் ஒப்படைக்கும் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

எஸ்க்ரோ செய்யாத வேலை

இப்போது அந்த நாலு கிழமைக் கணக்குக்கு வாறேன்.

சித்தப்பாவின் உண்மையான பயம் வேறு. ஒரு மிளகாய்த்தூள் பொதியில் லேபிளில் சொல்லாத கடுகோ கச்சானோ இருக்கிறது என்று வந்தால், அந்தத் தொகுதி எந்தக் கடைகளுக்குப் போனது என்று உடனே சொல்லவேண்டும். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்காரருக்கு இது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. கனடாவின் பாதுகாப்பான உணவு விதிகள் 2019 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. யாரிடம் வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்ற பதிவை 2 வருடம் வைத்திருக்க வேண்டும். உணவுப் பரிசோதனை முகவரகம் கேட்டால் 24 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆபத்து என்றால் அதைவிடக் கெதியாகவும் கேட்கலாம்.

24 மணித்தியாலத்துக்கு எஸ்க்ரோ உதவாது. அதன் வேகம் கிழமைக் கணக்கு. மூலநிரல் கிடைத்தாலும் புதிய ஆள் அதைப் படித்து விளங்கிக்கொள்ள இன்னும் மாதங்கள் ஆகும். அதோடு இந்த மென்பொருள் ஓடும் வாடகைச் சேர்வர் பெடியங்களின் பெயரில், அவர்களுடைய கடன் அட்டையில் இருந்தது. அட்டை நின்றால் சேர்வர் நிற்கும், தரவும் அதற்குள் சிக்கும். பக்குவம் கையில் இருக்கும், தூள் இராது.

ஆகவே சேர்வர் கணக்கையும் டொமைன் பெயரையும் சித்தப்பாவின் கொம்பனிப் பெயருக்கு மாற்றினோம். ஒவ்வொரு இரவும் முழுத் தரவின் பிரதி ஒன்று அவருடைய சொந்தக் கணினிக்கு வருகிறது. அதோடு தொகுதி எண், திகதி, கடை, எத்தனை பெட்டி என்று நாலு நெடுவரிசை உள்ள ஒரு சாதாரண அட்டவணையும் வரும், எக்செல்லில் திறக்கலாம். மென்பொருள் முழுதாகச் செத்தாலும் அந்த அட்டவணையைப் பார்த்துக் கடைகளுக்குப் போன் எடுக்கலாம். இதற்கு எஸ்க்ரோக் கட்டணம் ஒன்றும் இல்லை, ஒரு நாள் வேலை.

உங்கள் குடும்பத் தொழில் மாதக் கட்டணத்துக்கு எல்லோரும் பாவிக்கும் மென்பொருளில் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதி மட்டும் போதும். அது மூடினால் வேறொன்றுக்கு மாறலாம், தரவு உங்கள் கையில் இருந்தால் சரி. உங்களுக்கென்றே எழுதியது, மாற்ற ஆறு மாதம் எடுக்கும், அதுவும் சின்னக் கொம்பனி என்றால்தான் எஸ்க்ரோவுக்குக் கட்டும் காசு பெறுமதி.

"நம்பிக்கை இல்லையா அங்கிள்?"

கடைசிக் கூட்டத்தில் பெடியன் ஒருவர் கொஞ்சம் மனம் நொந்துதான் கேட்டார். "நாங்கள் நாலு வருசமா உங்களோட இருக்கிறம். எங்களில நம்பிக்கை இல்லையா அங்கிள்?"

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உன்னில நம்பிக்கை இல்லாமல் இல்லைத் தம்பி. போன வருசம் என்ரை நெஞ்சுக்குள்ள ரெண்டு ஸ்டென்ட் வச்சவங்கள். ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, வெயர்ஹவுஸ் திறப்பு ஆரிட்டை இருக்குது எண்டு சித்திக்குத் தெரியேல்லை. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. உனக்கும் குடும்பம் இருக்குது."

பெடியன் தலையாட்டினார். இப்படியான கதையை எங்கள் வீடுகளில் அபசகுனம் என்று எடுப்பதில்லை. அவர்கள் கொம்பனிக்குள்ளும் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்குத் தெரியாத கடவுச்சொற்கள் இருந்தன என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

இரண்டு கிழமை கழித்து அதே லப்டொப்பை அழித்துப்போட்டு மறுபடி செய்து பார்த்தோம். புதிய பெட்டி, அந்த ஒரு பக்கக் குறிப்பு, வேறு ஒன்றும் இல்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முதல் கறித்தூள் லேபிள் ஒன்று பிரின்டரில் வந்தது. தொகுதி எண் சரி, திகதி சரி. சித்தப்பா அதைக் கிழித்து ஒப்பந்தத்தின் பதினாலாம் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.